கேட்காத லீவு

சேலத்தில் ஆடிப் பண்டிகை வந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும், எனக்கு மட்டும் எரிச்சல் வரும். மாரியம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எரிச்சலெல்லாம் எங்கள் மில்லின் மேல்தான். யுத்தம் முடிந்த கையோடு ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதி, அதற்குக் கூலி போட்டுக் கொடுப்பது என் வேலை. வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பதும் நான்தான். அந்த மேஜையில் நாலு வருஷம் உட்கார்ந்தவனுக்கு மனுஷ ஜாதியின் மேல் மரியாதை வரும், முதலாளி ஜாதியின் மேல் வராது.

பண்டிகைப் புதன்கிழமை மில்லுக்கு விடுமுறை. அடடா, என்ன தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புதனுக்குப் பதிலாக அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து வேலை செய்துவிட வேண்டும். அது சட்டப்படி சரிதான். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால் அதற்கு முன்பின் மூன்று நாளுக்குள் ஒரு முழுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். ஆனால் எழுதுகிற முறைதான் எங்கள் மில்லுக்கே உரியது. ஞாயிறு செய்த வேலையை ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதக் கூடாது. அதைக் காலியாக விட்டுவிட்டு, புதன்கிழமைக் கட்டத்தில் 'ஆஜர்' போட வேண்டும். வேலை செய்த நாளில் வரவில்லை என்றும், மாவிளக்கு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன நாளில் வேலை செய்ததாகவும் பதிவாகும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்" என்றார் மானேஜர். எப்பவும் அப்படித்தான் என்று எவனாவது சொன்னால் எனக்கு மூக்கு வேர்த்துவிடும்.

அந்த வருஷம் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கழிவுப் பஞ்சுக் கூடத்தில் வேலை செய்த ஓர் அக்கா பத்து நாள் லீவு கேட்டார். கழிவுப் பஞ்சுக் கூடம் என்பது மெஷின்களுக்கு அடியில் விழுந்த பஞ்சை வாரிக்கொண்டு வந்து, தூசியையும் கொட்டையையும் பொறுக்கி எடுத்துப் பிரிக்கிற இடம். பெண்கள்தான் செய்வார்கள். தினக்கூலி. சாயங்காலம் வெளியே வரும்போது புருவம்வரை வெளுத்திருக்கும். அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர். மில்லில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது என்றால் அவர் பேச ஆரம்பித்திருக்கிறார் என்று அர்த்தம்.

லீவு எதற்கென்றால், எருமப்பட்டிக்குப் பக்கத்தில் கிணற்றோடு இரண்டு ஏக்கர் குத்தகைக்கு வந்திருந்தது. அவருடைய வீட்டுக்காரர் அதுவரை அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். நிலத்துக்காரர் இருபது ரூபாய் முன்பணம் கேட்டார், பண்டிகை கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் பணம் வரவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். பத்து நாள் லீவு கிடைத்தால் லீவுக் கூலியை வாங்கி, கையில் இருக்கிறதோடு சேர்த்துக்கொண்டு போய் முன்பணம் கட்டி, கடலையும் விதைத்துவிட்டுத் திரும்பி வரலாம் என்பது அக்காவின் எண்ணம். லீவுக்குக் கூலி உண்டு என்ற சட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு அடுத்த வருஷத்தில் பத்து நாள்.

எங்கள் மில்லில் பெண்கள் மானேஜர் அறைக்குள் போய் லீவு கேட்கும் வழக்கம் இல்லை. மேஸ்திரியிடம் சொல்வார்கள், மேஸ்திரி போய் மானேஜரிடம் சொல்வார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அக்காவும் மேஸ்திரியிடம்தான் சொன்னார். மானேஜர் 'முடியாது' என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவரோ பேச்சாளர். கூட்டத்தைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. கோயிலில் பண்டிகையைத் தொடங்கி வைக்கிற பூச்சாட்டு முடிந்த மறுநாள் வேலை விடும் நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு மூட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"பூச்சாட்டு ஆயிடுச்சு. பண்டிகை முடியற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது. கழிவுப் பஞ்சுக் கூடத்துல ஒரு மகராசி பத்து நாள் லீவு கேக்குதாம்! பத்து நாள்! காசிக்குப் போகுதோ ராமேஸ்வரத்துக்குப் போகுதோ! கிடையாதும்மா, கிடையாது!"

நாலு பேர் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவன் சிரிக்கச் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்? அக்கா சிரிக்கவில்லை. தலைத்துணியை உதறி மடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அந்த மூட்டையை உருவிவிடலாம் போல இருந்தது.

அடுத்த நாள் அக்கா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "கணக்கய்யா, நான் நின்னுக்கறேனுங்க. வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோட சரி. கணக்கு முடிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

நின்றுகொள்கிறவர்களின் கணக்கு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். தானாக நின்றவர்களுக்கு அந்த மாதக் கூலியை வழக்கமான சம்பள நாளில் கொடுத்தால் போதும். அதாவது அடுத்த மாதம் ஏழாம் தேதி. அதற்குள் எருமப்பட்டி நிலம் யார் கையில் இருக்குமோ! லீவுக் கூலி விஷயமோ இன்னும் மோசம். லீவு கேட்டு, அவர்கள் மறுத்து, அதன் பிறகு நின்றிருந்தால்தான் பணம் உண்டு. கேட்காமல் நின்றவர்களுக்கு ஒரு தம்பிடி கிடையாது. இதையெல்லாம் ஜன்னல் வழியாக அவரிடம் சொன்னேன்.

"நான்தான் கேட்டனே?"

"மேஸ்திரிகிட்ட வாயால கேட்டீங்க. மேஸ்திரி யாரோட ஆளு?"

அக்கா, "சரிங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'பாத்துக்கலாம்' எனக்குப் பிடித்திருந்தது. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். அக்காவும் வந்து எட்டு மணி நேரமும் வேலை செய்தார். வழக்கப்படி நான் அதைப் புதன்கிழமைக் கட்டத்துக்காக ஒதுக்கி வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மானேஜர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னையும் வரச் சொன்னார். அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே வராந்தாவில் மேஸ்திரியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றார்கள். மேஜையின் மேல் ஒரு தாள். 'நானே விலகிக்கொண்டேன். எனக்கு வரவேண்டிய பாக்கி வேறு ஏதும் இல்லை' என்று தட்டெழுத்தில் அடித்து, கீழே கைநாட்டுக்கு இடம் விட்டிருந்தது.

"இதுல ஒரு கைநாட்டு வெச்சுட்டு நிம்மதியாப் போம்மா. கூலி ஏழாம் தேதி வந்து வாங்கிக்கோ" என்றார் மானேஜர்.

"லீவுக் கூலிங்க?"

"நீயா நிக்கறே. லீவு எங்கே கேட்டே? இந்த ஆபீஸ்ல நீ லீவு கேட்டதா ஒரு பேச்சும் இல்லையே. மேஸ்திரி, கேட்டாளா?"

வராந்தாவில் மேஸ்திரி கூரையைப் பார்த்தார். "எனக்கு நெனப்பில்லீங்க" என்றார். என்ன ஆள்! ஒரு வாரம் முன்னால் கேட்டது நினைப்பில்லை, போன தீபாவளிக்கு யார் வேட்டி கொடுத்தது என்பது நினைப்பிருக்கும்!

அக்கா மேஸ்திரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மானேஜரைப் பார்த்துத்தான் கேட்டார், சத்தமே போடாமல்.

"நான் லீவே கேக்கலீங்களா?"

"கேக்கலே."

"அப்புறம் எதுக்குங்க பஞ்சு மூட்டை மேல ஏறி நின்னு, கிடையாது கிடையாதுன்னீங்க? கேக்காத லீவை எப்படீங்க இல்லைன்னீங்க?"

வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போனது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், அடக்க முயன்றேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மானேஜருக்குக் கழுத்திலிருந்து ரத்தம் ஏறியது.

அவர் வேறு பக்கம் தாவினார். "சரி, கேட்டேன்னே வெச்சுக்குவோம். கணக்குப் பாருப்பா. மூணு மாசக் கூலியைக் கூட்டி, தொண்ணூறால வகுத்து, அதுல பத்து நாளுக்குப் போடு" என்றார் என்னிடம்.

எனக்குச் சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது. வைகாசியில் அக்காவுக்கு விஷக் காய்ச்சல். இருபது நாளுக்குப் பக்கம் வரவில்லை. அந்த நாட்களையும், ஞாயிறுகளையும் சேர்த்து வகுத்தால் ஒரு நாள் கூலி கரைந்து மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். "தொண்ணூறால் இல்லீங்க சார். வேலை செஞ்ச நாளால் வகுக்கணும். பஞ்சப்படியும் சேரணும். ஓவர்டைம் மட்டும் சேரக் கூடாது" என்றேன். அக்கா சித்திரையில் சில நாள் கூடுதல் நேரம் செய்திருந்தார், அதை நான் ஒதுக்கிவிட்டேன். பத்து நாளில் நடுவில் வருகிற ஒரு ஞாயிற்றுக்கும் கூலி இல்லை, ஆக ஒன்பது நாள் என்றும் சொன்னேன். நியாயம் என்றால் இரண்டு பக்கமும்தான் நியாயம்.

"பத்துன்னாங்க, ஒன்பதுங்கறீங்க?" என்று அக்கா என் பக்கம் பாய்ந்தார்.

"லீவுல வர்ற ஞாயித்துக்கிழமை எப்படியும் வேலை கிடையாதேக்கா. அதுக்குக் கூலியும் கிடையாது."

"வேலை செய்யாத ஞாயித்துக்குக் கூலி வேண்டாமுங்க, அது சரி" என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சு பிறகு எப்படித் திரும்பி வரும் என்று அப்போது எனக்கே தெரியாது.

மானேஜர் தாளை அக்காவின் பக்கம் தள்ளினார். "ஒன்பதும் இல்லே பத்தும் இல்லே. கைநாட்டு வை."

"வெக்க மாட்டனுங்க."

"வெக்கலேன்னா?"

"வெக்கலேன்னா சாயங்காலம் வரைக்கும் என்ர வேலையைப் பாப்பேன். இன்னும் அஞ்சு மணி நேரம் நான் இந்த மில்லு ஆளு. வேலைக்குப் போறனுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வாசல் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் மானேஜர் எழுந்தார். மேஜையை அறைந்தார். "கூடத்துக்குள்ளே கால் வெக்காதே! இப்பவே வெளியே போ! உன்னை வேலையை விட்டு நீக்கிட்டேன், போ!" என்று கத்தினார். அவர் கத்தவும் பதினொரு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. சங்கு நின்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக்கு வெளியே வந்த அத்தனை பேர் காதிலும், 'நீக்கிட்டேன்' என்பது தெளிவாக விழுந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தால் இல்லை, சந்தோஷத்தால். கோபத்தில் மனுஷர் என்ன செய்துவிட்டார் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தானாக நின்றால் ஏழாம் தேதி. மில் நீக்கினால்? நீக்கின நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை பண்டிகை, அது வேலை நாள் இல்லை. வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு. வெள்ளிக்கிழமை! அதற்கு மேல், நீக்கப்பட்டவர் லீவு கேட்டாரா, கேட்கவில்லையா என்ற கேள்வியே கிடையாது. எடுக்காத லீவுக்குக் கூலி கொடுத்தே தீர வேண்டும். மேஸ்திரி கூரையைப் பார்த்தாலும் சரி, தரையைப் பார்த்தாலும் சரி.

இதை நான் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மானேஜர் உட்கார்ந்தார்.

"நான் நீக்கலே. அது ஏதோ கோபத்துல சொன்னது. தானா நின்னுட்டான்னு எழுது."

"எழுத மாட்டேன் சார்."

"என்னது?"

"நீங்க நீக்கினீங்க. நான் கேட்டேன். வராந்தாவுல எல்லாரும் கேட்டாங்க. சந்தோஷத்துல குடுத்த வேலை செல்லும், கோபத்துல நீக்கினது செல்லாதா? 'மானேஜரால் நீக்கப்பட்டார், காலை பதினொரு மணி'ன்னுதான் எழுதுவேன். வேற மாதிரி எழுதணும்னா வேற ஆளை வெச்சுக்குங்க."

அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். ஆனாலும் சொன்னதில் எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

மானேஜர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "இத பாரு அம்மிணி, நீக்கினதா எழுதினா இன்னிக்கு நாலு மணி நேரக் கூலிதான் வரும். தானா நின்னா சாயங்காலம் வரைக்கும் செய்யலாம். அரை நாள் கூலி போகுதே."

"போகட்டுமுங்க" என்றார் அக்கா. "அரை நாளை நீங்களே வெச்சுக்குங்க. நீக்குனது நீக்குனதாவே இருக்கட்டும்."

கூடத்துச் சூப்பர்வைசர் ஒருவர் உள்ளே வந்து, பத்து மணியிலிருந்து ஆபீசில் சும்மா நின்ற ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும் என்றார். மில் கூப்பிட்டு மில் நிறுத்தி வைத்த நேரம் மில்லின் நேரம்தான் என்று சொல்லி நாலு மணி நேரமாகவே எழுதினேன். கைநாட்டுத் தாள் மேஜையிலேயே கிடந்தது, சாயங்காலம் பெருக்குகிறவர் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தார். தலைக்குக் குளித்து, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். கையில் ஒரு துணி மூட்டை. இரண்டு மணிக்கு நாமக்கல் பஸ். கரிப் புகையில் ஓடுகிற அந்தக் காலத்து பஸ், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அதைவிட்டால் அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் எருமப்பட்டி போய்ச் சேர முடியாது.

காஷியர் பணத்தை எண்ணி வைத்தார். நான் கணக்கை வாசித்தேன். மாதம் பிறந்ததிலிருந்து செய்த நாள், செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம், லீவுக் கூலி ஒன்பது நாள். முன்பணத்துக்குப் போக மிச்சமும் இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அக்கா விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்கீங்க?" என்றார்.

அந்தப் பழைய வழக்கம்! ஞாயிற்றுக்கிழமை புதன்கிழமைக் கட்டத்தில் இருக்க வேண்டியது. அக்கா செவ்வாயோடு முடிந்துவிட்டதால் அவருக்குப் புதன்கிழமைக் கட்டமே இல்லை. நான் வியாழனன்று கணக்கை எழுதும்போது ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஆஜர் போட்டுத்தான் வைத்தேன். மேலே கையெழுத்துக்குப் போன தாள், அந்த ஒரு நாள் சிவப்பு மையால் அடிபட்டுத் திரும்பி வந்தது. 'புதனுக்குரியது, புதனன்று பணியில் இல்லை' என்று ஓரத்தில் மானேஜர் எழுத்து. அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அக்கா, அது நியாயமே இல்லை. அதுக்கு நான் தனியாச் சண்டை போடறேன். நீங்க இதை வாங்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுங்க. ஒரு நாள் கூலிக்காக நெலத்தை உட்றாதீங்க."

"ஒரு நாளாட்டம் இருக்குதுங்களா உங்களுக்கு? அன்னைக்கு நான் வந்தனா இல்லையா? எட்டு மணி நேரம் தூசி தின்னனா இல்லையா?"

"தின்னீங்க."

"வேலை செய்யாத ஞாயித்துக்கு வேண்டாம்னு நானே சொன்னனே, சொன்னனா இல்லையா? செஞ்ச ஞாயித்தை உடச் சொல்றீங்க. உட மாட்டனுங்க."

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, காஷியர் ஜன்னலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பணம் ஜன்னல் பலகையிலேயே இருந்தது. அவருக்குப் பின்னால் அன்றைக்குப் பணம் வாங்க நின்ற வரிசை அப்படியே நின்றது. மணி ஒன்றரை. இந்தப் பிடிவாதம் பிடித்த பெண்பிள்ளை கையில் வந்த இரண்டு ஏக்கரைப் பதினெட்டு இருபது அணாவுக்காகத் தொலைக்கப் போகிறதே என்று மனசுக்குள் திட்டினேன். வெளியிலும் கொஞ்சம் திட்டினேன். அவர் நகரவில்லை.

சத்தம் கேட்டு மானேஜர் வந்தார். வரிசையைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரூபாயும் ஒரு கால் ரூபாயும் எடுத்துப் பலகையில் போட்டார்.

"இந்தா. பண்டிகைக் காசுன்னு வெச்சுக்கோ. கிளம்பு."

அக்கா எழுந்தார். அந்தக் காசை இரண்டு விரலால் அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

"உங்க காசு எனக்கு எதுக்குங்க? நான் உங்க ஊட்டுல வேலை செய்யலியே. மில்லுல செஞ்சேன். மில்லுக் காசு வேணும். ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக் குடுங்க."

வரிசையில் அடுத்ததாக நின்ற நூற்பு ஆள், "எங்க ஞாயித்தையும் ஞாயித்துலயே எழுதுங்க சாமி" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் ஆமாம் போட்டார். கடைசியில் நின்றவர்கூட, விஷயம் என்னவென்று தெரியாமலேயே ஆமாம் ஆமாம் என்றார். மானேஜர் என் கையிலிருந்த தாளை வெடுக்கென்று வாங்கி, தான் அடித்த சிவப்புக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, "எழுதித் தொலை" என்று என் முகத்தில் வீசாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பெரிய எழுத்தில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி நேரம், ஆஜர்.

அக்கா பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். "வாரேன் கணக்கய்யா" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஆம், ஓடினார். மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. பஸ்ஸில் கரி பற்றிக் கிளம்பத் தாமதமானதால் ஏறிவிட்டார் என்றும், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முன்பணத்தை எண்ணி வைத்தார் என்றும் அந்தப் பக்கத்திலிருந்து பருத்தி கொண்டுவந்த வண்டிக்காரர் பிறகு சொன்னார். கடலை நன்றாக வந்ததா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த பண்டிகை ஞாயிற்றுக்கிழமை நான் அந்த மில்லில் இல்லை. தை மாதத்தில், மாத நடுவில், நானும் நின்றுகொண்டேன். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் வேலை கிடைத்தது. என் கணக்கை வேறொரு குமாஸ்தா போட்டார். வேலை செய்த நாளுக்குக் கூலி சரியாகத்தான் இருந்தது. லீவுக் கூலி என்ற இடத்தில் ஒரு கோடு. அதுவும் சட்டப்படி சரிதான். தனி அறையில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறவன் அந்தச் சட்டத்துக்குத் தொழிலாளியே இல்லை. நாலு வருஷம் ஊரார் லீவையெல்லாம் கணக்குப் போட்டவனுக்கு ஒரு நாள் லீவு கிடையாது.

ஆனாலும் நிற்பதற்கு முந்தின வாரமே நான் பத்து நாள் லீவு கேட்டிருந்தேன். மேஸ்திரி வழியாக இல்லை, மானேஜர் அறைக்குள் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வராந்தாவில் ஆள் நடமாடுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குச் சட்டத்துல இடமில்லேன்னு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேக்கறே?"

"நான் கேக்கவே இல்லைன்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் சார்" என்றேன். "இப்ப இல்லைன்னு சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."